‘நோட்ஸ் அனுப்புங்க’ என்பதற்கு அடுத்த மெசேஜ்

*அக்கா, நான் குடியாத்தம். வேலூரில் எம்.காம். சேர்ந்து ரெண்டு மாசம் ஆகிறது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். யூ.ஜி. வேறு காலேஜில் படித்ததால் இங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு ஊர் ஆரணி, ஹாஸ்டலில் இருக்கிறாள். நல்ல மாதிரி. ஆனால் இன்னும் வாங்க போங்கதான். வாட்ஸப்பில் ‘நோட்ஸ் அனுப்புங்க’, ‘தேங்க்ஸ்ங்க’ தவிர எதுவும் கிடையாது. ஒருநாள் லைப்ரரி வாசலில் அவர்கள் வீட்டுப் பட்டுத் தறி, எங்கள் வீட்டுக் கைலித் தறி பற்றி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தோம், பெல் அடித்தது, அதோடு சரி. இந்த மெசேஜை எழுதி எழுதி அழிக்கிறேன். அனுப்பலாமா?*

*“ஹாய், தப்பா நினைக்காதீங்க, டிஸ்டர்ப் பண்றேனான்னு தெரியல. எனக்கு இந்த காலேஜ்ல உங்களை விட்டா வேற யாரும் இல்ல. நாம க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸா இருக்கலாம்னு தோணுது. உங்களுக்கு ஓகேன்னா சொல்லுங்க, இல்லன்னாலும் பரவாயில்ல.”*

அனுப்ப வேண்டாம்மா. உன் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இதைப் படித்ததும் அந்தப் பெண் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பார். ஹாஸ்டலில் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ரூமுக்கு வருகிறாள், கூட ரெண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருத்தி வீட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தி துணி மடிக்கிறாள், அந்த இடைவெளியில் போனை எடுத்தால் உன் மெசேஜ். அதற்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிட முடியாது. ‘சரி, இன்றிலிருந்து நாம் நெருங்கிய தோழிகள்’ என்று எழுதினால் நாடகம் மாதிரி இருக்கும், ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றால் உன் மனசு நோகும். அதனால் உன்னைப் பிடித்திருக்கிற பெண்கூட கடைசியில் ஒரு ஸ்மைலியைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். நீயோ அந்த ஸ்மைலிக்கு அர்த்தம் தேடிக்கொண்டு விடிய விடிய முழித்திருப்பாய்.

உன் மெசேஜை வரி வரியாகப் பார்க்கலாம். ‘தப்பா நினைக்காதீங்க’ என்று ஆரம்பித்தாலே, இதில் தப்பாக நினைக்க ஏதோ இருக்கிறது போல என்று படிக்கிறவள் உஷாராகிவிடுவாள். ‘உங்களை விட்டா வேற யாரும் இல்ல’ என்பது உன் வரையில் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ரெண்டு மாதப் பழக்கத்தில் அது அவள் தலையில் வைக்கிற பாரம். இனி ஒருநாள் அவள் வேறு பெண்களோடு கேண்டீனுக்குப் போனாலும் உன்னை விட்டுவிட்டுப் போகிறோமே என்று அவளுக்கு உறுத்தும், அப்படி உறுத்துகிற இடத்தில் யாருக்கும் இயல்பாகப் பேச வராது. ‘ஓகேன்னா சொல்லுங்க’ என்பது முடிவு கேட்கிற வரி. சிநேகிதத்தில் அப்படி ஒரு முடிவை யாரும் ஒரு ராத்திரியில் எடுப்பதில்லை, அவளுக்கே இன்னும் தெரியாத ஒன்றை நீ கேட்கிறாய். கடைசியில் ‘இல்லன்னாலும் பரவாயில்ல’. அவள் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள் என்று நீயே நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய்.

இப்படி எழுதத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது, அது உன் குணக்கோளாறு இல்லை. புதிதாகப் பழகுகிற இரண்டு பேர் பேசி முடித்த பிறகு, எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் உள்ளதைவிடக் குறைவாகவே சொல்வார்கள். எரிகா பூத்பி என்ற உளவியல் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2018-ல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் என் கவனத்தில் நின்ற பகுதி, கல்லூரி விடுதியில் முதல் வருஷம் சேர்ந்து தங்கிய மாணவர்களைப் பற்றியது. ஒரே இடத்தில் தூங்கி எழுந்து பழகியும்கூட, ‘என்னை இவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை போல’ என்ற தப்புக் கணக்கு அவர்களிடம் பல மாதம் நீடித்திருக்கிறது. உனக்கு ரெண்டு மாதம்தான் ஆகிறது. நீ அவளைப் பற்றி யோசிக்கிற மாதிரியே, ‘இந்தக் குடியாத்தத்துப் பொண்ணு நோட்ஸ் கேட்க மட்டும்தான் என்னோட பேசுறா போல’ என்று அவள் அங்கே நினைத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் வாட்ஸப் சாட்டை மேலே தள்ளிப் பார்த்தால் அப்படித்தானே தெரியும்?

சரி, என்ன எழுதுவது? உன் கடிதத்திலேயே அது இருக்கிறது. லைப்ரரி வாசலில் நின்றுபோன பேச்சை விட்ட இடத்திலிருந்து எடு. அவள் வாயால் சொன்ன ஒன்றை நீ ஞாபகம் வைத்திருந்து திரும்பக் கேட்கிறபோது, உன் அன்பைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லாமலேயே அவளுக்கு அது தெரிந்துவிடும். உன் வீட்டில் தறி ஓடுகிறது, அவள் வீட்டிலும் ஓடுகிறது, வகுப்பில் எத்தனை பேருக்கு இப்படி அமையும்? தெருவில் தறி நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போடுகிற நாள் ஒன்று வருமில்லையா, அன்றைக்கு நீயே ஒரு போட்டோ எடு. அதோடு இப்படி எழுது:

“இன்னிக்கு எங்க தெருவுல பாவு போட்டாங்க. சைக்கிள்கூட போக முடியல 😄 அன்னிக்கு ஆரணி தறி பத்தி சொன்னது ஞாபகம் வந்துச்சு. பட்டுப் பாவும் இப்படித் தெருவுலதான் விரிப்பாங்களா, இல்ல வீட்டுக்குள்ளேயேவா?”

இவ்வளவுதான். உன் மெசேஜைவிட இது சின்னது, ஆனால் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிடுகிறது. உன் வீட்டை, உன் தெருவைக் கொஞ்சம் காட்டுகிறாய், அதாவது முதலில் நீ கொடுக்கிறாய். அவள் சொன்னது மனசில் இருக்கிறது என்று தெரிவிக்கிறாய். கடைசியில் ஒரே ஒரு கேள்வி, அதுவும் அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில். இதற்கு அவள் ஒரு வார்த்தையிலும் பதில் சொல்லலாம், பத்து வரியும் எழுதலாம், நாளைக்கு நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றும் விட்டுவிடலாம். எப்படிச் செய்தாலும் யாருக்கும் சங்கடம் இல்லை. மெசேஜ் இயல்பாக இருக்கிறதா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் இதை வைத்துப் பார்த்துக்கொள்: இதற்கு அவள் பதிலே போடாவிட்டாலும் நாளைக் காலையில் ரெண்டு பேரும் முகம் பார்த்துச் சிரிக்க முடியுமா? முடியும் என்றால் அனுப்பு.

இதற்குப் பதிலாக வெறும் ‘ஹாய்’ என்று அனுப்பிவிட்டுக் காத்திருக்காதே. நிறையப் பேர் பயத்தில் அதைத்தான் செய்கிறார்கள். ‘ஹாய்’க்கு அவளும் ‘ஹாய்’ என்பாள், நீ ‘சாப்டீங்களா’ என்பாய், அவள் ‘சாப்டேன், நீங்க?’ என்பாள், நீ ‘ம்’ என்பாய், முடிந்தது. அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து. சாப்பிட்டாயா என்று கேட்பது நம் ஊரில் பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பின்னால் பேச ஒன்று இருக்க வேண்டும். ‘ஹாஸ்டல்ல இன்னிக்கும் உப்புமாவா?’ என்று கேட்டுப் பார், கதை கதையாக வரும். குட் மார்னிங் படம், ஃபார்வர்டு மெசேஜ் இதெல்லாம் அனுப்பவே வேண்டாம். அது நூறு பேருக்குப் போகிற சரக்கு என்று அவளுக்குத் தெரியும். ‘பிஸியா?’ என்று மட்டும் கேட்பதையும் விட்டுவிடு, என்ன வேலை சொல்லப் போகிறாளோ என்று நினைத்துத்தான் யாரும் அதைத் திறப்பார்கள்.

பாவு போடுகிற நாள் வருகிறவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஏற்கெனவே நடக்கிற நோட்ஸ் பேச்சிலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். அவள் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் அனுப்பினால், ‘தேங்க்ஸ்ங்க’ என்று மூடிவிடாமல், “கிடைச்சுது, தேங்க்ஸ். மூணாவது கணக்குல சார் எங்க இருந்து எங்க போனார்னே எனக்குப் புரியல, பஸ்ல உக்காந்து பாத்துட்டே வந்தேன். உங்களுக்குப் புரிஞ்சுதா?” என்று போடு. கணக்கு புரியவில்லை என்பது சின்ன விஷயம்தான், ஆனால் அதில் உன் பலவீனம் ஒன்றை லேசாகக் காட்டுகிறாய், பதிலுக்கு அவளும் தனக்குப் புரியாததைச் சொல்ல இடம் கிடைக்கிறது. நெருக்கம் வளர்வது பெரும்பாலும் இப்படித்தான், நான் கொஞ்சம் சொன்னால் நீ கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே. வீட்டுக் கடன், அப்பாவின் உடம்பு, பழைய தோழி விட்டுப்போனது என்று நீ முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் இறக்கி வைத்தால், அவளும் பதிலுக்கு அதே கனத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பின்வாங்க வேண்டும். பெரும்பாலும் பின்வாங்கிவிடுவார்கள்.

இந்த வாங்க போங்க விஷயத்துக்கு வருகிறேன், உன்னை அதுதான் ரொம்ப உறுத்துகிறது போல. ஒரே வயசுப் பெண்கள், யூ.ஜி.யில் ஒன்றாகப் படித்திருந்தால் முதல் நாளே வாடி போடி ஆகியிருக்கும், பி.ஜி.யில் வேறு வேறு காலேஜிலிருந்து வந்து சேர்ந்ததால் மரியாதையில் ஆரம்பித்துவிட்டீர்கள், இப்போது யார் முதலில் இறங்குவது என்று ரெண்டு பேரும் காத்திருக்கிறீர்கள். மெசேஜில் திடீரென்று ‘நீ’ போடாதே. எழுத்தில் குரல் தெரியாது, அவள் அதை அன்பாகவும் எடுக்கலாம், அலட்சியமாகவும் எடுக்கலாம். அதற்குப் பதில், கொஞ்ச நாளைக்கு நீங்களும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று வாக்கியத்தை அமைத்துக்கொள். மேலே நான் எழுதிக் கொடுத்த பாவு மெசேஜைப் பார், அதில் ரெண்டுமே இல்லை, நீ கவனித்தாயோ என்னவோ. நம் மொழியில் இது சுலபம், ‘ஆரணி தறி பத்தி சொன்னது ஞாபகம் வந்துச்சு’ என்றால் யார் சொன்னது என்று சொல்லத் தேவையே இல்லை. அப்புறம் என்றைக்காவது நேரில், ரெண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், ‘ஏன் இன்னும் வாங்க போங்கன்னு பேசிட்டிருக்கோம், நீ வான்னே சொல்லு’ என்று சொல்லிவிடு. முதலில் உன்னை நீ என்று கூப்பிடச் சொல். அவள் கூப்பிட ஆரம்பித்ததும் நீயும் தானாக மாறிவிடுவாய். ‘டி’ மட்டும் அவளிடமிருந்து முதலில் வரட்டும், சில வீடுகளில் அந்த ஒரு எழுத்தை நெருங்கியவர்களுக்கு என்றே வைத்திருப்பார்கள்.

எப்போது அனுப்புவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ வீடு வந்து சேர ஆறரை ஏழு ஆகும், களைப்பில் அனுப்பாதே. ஹாஸ்டல் பெண்ணுக்கு மெஸ், படிப்பு நேரம், வீட்டுக்குப் பேசுகிற நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. இதுவரை அவள் உனக்கு நோட்ஸ் அனுப்பிய நேரங்களை சாட்டில் பார், அவள் போன் கையில் இருக்கிற நேரம் தெரிந்துவிடும், பெரும்பாலும் ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் இருக்கும். அனுப்பிவிட்டால் சாட்டை மூடிவிடு. நீல டிக் வந்ததா, கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தாள், ஸ்டேட்டஸ் மட்டும் பார்த்திருக்கிறாளே என்று துப்பறியாதே. பார்த்துவிட்டு உடனே பதில் போடாததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். வார்டன் வந்திருக்கலாம், அம்மா போன் பண்ணியிருக்கலாம், நல்லபடியாகப் பதில் எழுதுவோம் என்று தள்ளிப் போட்டுத் தூங்கியும் போயிருக்கலாம். பதில் வரவில்லையே என்று ‘சாரி, தெரியாம அனுப்பிட்டேன்’ என்று இன்னொன்றை அனுப்பினால், போட்டோ அனுப்பியதில் ஒரு தப்பும் இல்லாத இடத்தில் நீயே ஒரு தப்பை உண்டாக்கிவிடுவாய்.

பதில் வந்த பிறகு, எத்தனை நிமிஷத்தில் வந்தது என்பதைப் பார்க்காதே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார். பாவு மெசேஜுக்கு இப்படி ஒரு பதில் வருகிறது என்று வைத்துக்கொள்: “ஆமா, காலையில வெயிலுக்கு முன்னாடியே விரிச்சிடுவாங்க, ஸ்கூல் போறப்ப அதுக்குக் கீழ குனிஞ்சு ஓடுவோம் 😄 உங்க வீட்ல யாரு தறி போடுறாங்க, அப்பாவா?” நீ கேட்காத ஒன்றைத் தானாகச் சொல்லியிருக்கிறாள், பதிலுக்கு ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாள். கதவு திறந்தாயிற்று. நீ பதில் சொல்லு, ரெண்டு மூன்று முறை போய் வரட்டும், அப்புறம் பேச்சு நன்றாக இருக்கும்போதே ‘சரி, மீதியை நாளைக்கு நேர்ல சொல்றேன்’ என்று நிறுத்திவிடு. இழுத்து இழுத்துக் கடைசியில் ‘அப்புறம்?’, ‘நீங்கதான் சொல்லணும்’ என்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடாதே.

இன்னொரு விதமான பதில், “ஆமாங்க தெருவுலதான். போட்டோ சூப்பரா இருக்கு.” கேள்வி இல்லை, ஆனால் முகம் திருப்பவும் இல்லை. சிலருக்கு எழுதிப் பேச வராது, நேரில்தான் வரும். உங்கள் லைப்ரரி வாசல் பேச்சை வைத்துப் பார்த்தால் அவள் இந்த ரகமாகக்கூட இருக்கலாம். இதற்கு மேல் மெசேஜில் கிண்டாமல், மறுநாள் பக்கத்தில் உட்காரும்போது அந்தப் போட்டோவிலிருந்தே பேச ஆரம்பி. மூன்றாவது, வெறும் கட்டை விரல். ஒரு தடவை வந்தால் ஒன்றும் நினைக்காதே. நாலைந்து நாள் விட்டு, வேறு விஷயத்தில், வேறு மாதிரி ஒன்று எழுதிப் பார்.

மெசேஜ் எத்தனை அழகாக எழுதினாலும் அதனால் ஆகக்கூடியது கொஞ்சம்தான். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் புதிதாகக் கல்லூரி சேர்ந்தவர்களையும் வைத்து ஒரு கணக்கு எடுத்து 2018-ல் வெளியிட்டார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண சிநேகம் ஆக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நல்ல சிநேகம் ஆக 90 மணி நேரம் போல, ரொம்ப நெருக்கமாக 200 மணி நேரத்துக்கு மேல். இவை அமெரிக்காவில் எடுத்த சராசரிக் கணக்குகள், நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதில் உனக்குத் தேவையான ஒன்று இருக்கிறது. வகுப்பிலும் வேலையிலும் கட்டாயத்தால் பக்கத்தில் இருக்கிற நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை, சும்மா சேர்ந்திருக்கிற நேரம், அரட்டை, கிண்டல், அன்றைக்கு நடந்ததைச் சொல்லிக்கொள்வது, இதுதான் நெருக்கத்தைக் கூட்டுகிறது. ரெண்டு மாதமாக தினமும் ஐந்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தும் ஏன் அங்கேயே நிற்கிறோம் என்று நீ குழம்புகிறாயே, அதற்குக் காரணம் இதுதான். உங்களுக்கு இதுவரை கிடைத்த சும்மா நேரம் லைப்ரரி வாசலில் ஒரு பத்து நிமிஷம்.

ஆகவே மெசேஜ் சேர்ந்திருக்கிற நேரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். ரெண்டு மூன்று தடவை பேச்சு நன்றாகப் போன பிறகு ஒரு சின்ன அழைப்பு வை. ‘ஒருநாள் எங்கயாவது போலாம்’ என்பது அழைப்பே இல்லை, அதற்கு எல்லோரும் ‘கண்டிப்பா’ என்பார்கள், யாரும் போகமாட்டார்கள். என்ன, எப்போது, எவ்வளவு நேரம் என்பது அதிலேயே இருக்க வேண்டும். இப்படி:

“நாளைக்கு அம்மா முள்ளுக் கத்தரிக்காய் கொத்சு கட்டித் தராங்க, ரெண்டு பேருக்கு வரும். மதியம் மெஸ்ஸுக்குப் போறதுக்குப் பதில் மரத்தடியில உக்காந்து சாப்பிடலாமா?”

வீட்டுச் சாப்பாடு இல்லாமல் ரெண்டு மாதம் மெஸ்ஸில் சாப்பிடுகிற பெண்ணுக்கு நம் பக்கத்துக் கத்தரிக்காயை விடப் பெரிய அழைப்பு இல்லை. செலவும் இல்லை. பிரியாணிக் கடைக்குக் கூப்பிட்டால் அவள் கையில் அன்றைக்குப் பணம் இருக்கிறதா, நீ கொடுத்தால் அவளுக்குச் சங்கடமா, அடுத்த முறை தான் கொடுக்க வேண்டுமே என்று நினைப்பாளா, இதெல்லாம் உனக்குத் தெரியாது. ஹாஸ்டலிலிருந்து வெளியே வர அவுட்பாஸ் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதே. நீ சும்மா ‘வாங்க கோட்டைக்குப் போலாம்’ என்று கேட்டு, அவள் ‘இல்லங்க முடியாது’ என்று சொன்னால், வார்டன் சொன்ன முடியாதை அவள் சொன்ன முடியாது என்று நீ எடுத்துக்கொள்வாய். மதியச் சாப்பாட்டுக்கு யார் அனுமதியும் வேண்டாம், பெல் அடித்தால் தானாக முடிந்துவிடும், ரெண்டு பேருக்கும் அது வசதி. அவள் வழக்கமாக யாரோடாவது சாப்பிடுகிறாள் என்றால் அவர்களையும் சேர்த்துக் கூப்பிடு, டப்பா கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அவ்வளவுதான். நாலைந்து மதியம் இப்படிப் போன பிறகு, அவள் சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிற நாளில், எப்படியும் அவுட்பாஸ் வாங்கியிருப்பாள், அன்றைக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் கோட்டையில் அகழி ஓரமாக ஒரு மணி நேரம் நடக்கலாமா என்று கேள். ஜலகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றால் அவள் வீட்டிலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வைகாசியில் உங்கள் ஊர் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வீட்டுக்குக் கூப்பிடுவதெல்லாம் அப்புறம், அவள் உன் அம்மாவின் கொத்சுக்கு உரிமையோடு குறை சொல்கிற அளவுக்கு வந்த பிறகு.

அவள் ‘நாளைக்கு முடியாதுங்க’ என்றால் அதில் ஒன்றைக் கவனி. ‘நாளைக்கு செமினார் இருக்கு, புதன்கிழமை வச்சுக்கலாமா?’ என்று இன்னொரு நாளை அவளே சொன்னால் அது முழுச் சம்மதம். வெறும் முடியாது மட்டும் என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கேள், வேறு விதமாக. அதற்கும் அதே பதில், மெசேஜுக்கும் கட்டை விரல்தான், அவளாக ஒன்றும் ஆரம்பிப்பதில்லை என்றால், இந்தப் பெண் இப்போதைக்கு இதற்கு மேல் வரத் தயாராக இல்லை என்று எடுத்துக்கொள். அதற்குக் காரணம் நீயாக இருக்க வேண்டும் என்பதில்லை, வீட்டில் ஏதாவது இருக்கலாம், ஸ்கூல் தோழிகளே அவளுக்குப் போதும் என்றிருக்கலாம். அப்போதும் பக்கத்தில் உட்கார், சிரி, நோட்ஸ் கொடு, வாங்கு. ‘நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா’ என்று மட்டும் எழுதாதே, அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை எந்தப் பெண்ணும் எழுதமாட்டாள். அவளாக ஒருநாள் பேச வந்தால் பழசை நினைத்து முறுக்கிக்கொள்ளாமல் பேசு.

‘வேற யாரும் இல்ல’ என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு உன்னை நினைத்துக் கவலையாகத்தான் இருக்கிறது. முழு ஆசையையும் ஒரே பெண்ணின் மேல் வைத்தால் அவள் போடுகிற ஒவ்வொரு புள்ளியும் கமாவும் உனக்குப் பெரிதாகத் தெரியும், உன் மெசேஜும் எத்தனை திருத்தினாலும் இறுக்கமாகவே வரும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வருகிறாய். அதே பஸ்ஸில் உங்கள் காலேஜ் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு பள்ளிகொண்டாவிலோ வேறு எங்கோ யாராவது ஏறுவார்கள், அவர்களிடம் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டு வை. வகுப்பில் உனக்கு முன் பெஞ்சில் இருப்பவர்கள் பெயராவது தெரியுமா? கொத்சு டப்பாவை அவர்கள் பக்கமும் ஒருதரம் நீட்டு. ஆரணிப் பெண்ணுக்கு எழுத வேண்டியதை நாளைக்கே எழுது, பாவு இல்லாவிட்டால் தறியில் பாதி நெய்த கைலியின் போட்டோ போதும், கட்டம் என்ன கலரோ அதையே பேச்சாக வைத்துக்கொள்.